அம்மாவின் கணக்கு நோட்டிலிருந்து மாதக் கணக்கு: நான்கு வழிகளில் எது எங்கே ஏமாற்றும்?

அப்பா ஓய்வு பெற்ற பிறகு மதுரை வீட்டுச் செலவுக்கு நானும் அக்காவும் மாதம் எவ்வளவு அனுப்புவது என்ற பேச்சு வந்தது. அம்மாவைக் கேட்டால், "ஆகுது, என்னமோ ஆகுது. நோட்டுல எழுதியிருக்கேன், பாத்துக்கோங்க" என்றார். நோட்டில் உண்மையாகவே எல்லாம் இருந்தது. நாள்தோறும், பூவுக்குக் கொடுத்த பத்து ரூபாய் உட்பட. ஆனால் மாதத்துக்கு மருந்துக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு என்று அதில் எங்கேயும் இல்லை. அக்கா ஊருக்குப் போனபோது 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை உள்ள பக்கங்களைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். மொத்தம் 49 படங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து வரிகள் என்றால் ஆயிரத்துக்கும் மேல் வரிகள்.

இதை வகைவாரியான மாதக் கணக்காக மாற்ற நான்கு வழிகள் கண்ணுக்குத் தெரிந்தன. படத்தைப் பார்த்துக் காகிதத்திலேயே வகை பிரித்துக் கூட்டுவது. நானே தனியாக விரிதாளில் தட்டச்சு செய்வது. ஒருவர் படிக்க ஒருவர் தட்டச்சு செய்வது. படத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர். மென்பொருளிடம் விடுவது. ஜனவரி மாதத்து எட்டுப் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கையும் பார்த்தேன். எது வேகம் என்று பார்க்கத்தான் தொடங்கினேன். பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, ஒரு வழியில் தப்பு நடந்தால் அது தானே வெளியே தெரியுமா, தெரியாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளுமா என்பதைத்தான் என்று இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

முதலில் படங்களைப் பற்றிக் கொஞ்சம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். பென்சிலில் எழுதிய வரிகள் அதில்தான் முதலில் காணாமல் போகும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே வரும். டியூப்லைட்டுக்கு அடியில் எடுத்தால் எடுப்பவரின் தலை நிழல் பக்கத்தின் மேல் விழும். பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுப்பது நல்லது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு எண் போட்டுவிட்டு எடுத்தால், எந்தப் படம் எந்தப் பக்கம் என்ற குழப்பம் பிறகு இராது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் மோசமாக எழுதியிருக்கும் வரியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாலே போதும்.

காகித வழியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். படங்களை அச்சடித்து, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ம, கா, பா, மரு என்று எழுதி, கால்குலேட்டரில் வகைவாரியாகக் கூட்டுவது. ஒரே ஒரு மாதத்தின் கணக்கு மட்டும் வேண்டும் என்றால் இதைவிடச் சீக்கிரம் முடிகிற வழி கிடையாது. ஆனால் கால்குலேட்டரில் போட்ட எண் போட்டதோடு போய்விடும். மளிகை 5,940 என்று வந்தபின் அது எந்தெந்த வரிகளால் ஆனது என்று யாராவது கேட்டால் திரும்ப முதலிலிருந்து கூட்ட வேண்டும். ஆறு மாதக் கணக்குக்கு இது ஒத்துவராது.

ஓ.சி.ஆர். மேல்தான் எனக்கு ஆசை அதிகம் இருந்தது. அதனால் அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்டில் தமிழுக்கான தரவு உண்டு. கட்டளை இவ்வளவுதான்:

```
tesseract page03.jpg page03 -l tam+eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` எதற்கு என்றால், ஒவ்வொரு சொல்லோடும் அந்தச் சொல் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, மென்பொருளுக்கு அதன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதும் `conf` என்ற பத்தியில் வரும். நம்பிக்கை குறைந்த வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் அந்தத் தரவு அச்செழுத்தை வைத்துப் பழக்கப்பட்டது. கையெழுத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் குப்பைதான் வரும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறக்கும் வழி கையெழுத்துக்கு இதைவிடத் தேவலை. ஆனால் அட்டவணையும் பத்திகளும் சரியாக வராமல் போகலாம் என்று அவர்களுடைய உதவிப் பக்கமே சொல்கிறது. கணக்கு நோட்டு என்பதோ முழுக்க முழுக்கப் பத்திகளால் ஆனது.

நான் முயன்று பார்த்த ஒரு இணையச் சேவை, அதன் பெயர் இங்கே வேண்டாம், அம்மாவின் எழுத்தை ஓரளவு நன்றாகவே படித்தது. பால், காய், ஆட்டோ எல்லாம் வந்தன. எண்களும் வந்தன. சந்தோஷமாகக் கூட்டினால் பக்க மொத்தமும் சரியாக இருந்தது. அப்புறம் வகை பிரித்துப் பார்த்தால், அந்த மாதம் இஸ்திரிக்கு 320 ரூபாய் என்று வந்தது. எங்கள் வீட்டில் மொத்தமே நாலு வேட்டிதான் இஸ்திரிக்குப் போகும்.

நடந்தது இதுதான். மென்பொருள் பொருள்களின் பெயர்களை ஒரு தொகுப்பாகவும் தொகைகளை இன்னொரு தொகுப்பாகவும் மேலிருந்து கீழே படித்திருக்கிறது. நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். நடுவில் ஒரு வரியின் பெயர் மை கலைந்து விடுபட்டிருந்தது. உடனே அதற்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறி, தத்தம் மேல்வரியின் தொகையோடு ஜோடி சேர்ந்துவிட்டன. மீன் வாங்கிய பணம் இஸ்திரிக்குப் போயிற்று. எண்கள் ஒன்றும் தொலையவில்லை என்பதால் பக்க மொத்தம் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. கூட்டல் சரியாக இருக்கிறது, அதனால் எல்லாம் சரி என்று நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம். ஓ.சி.ஆரைத்தான் பயன்படுத்துவது என்று முடிவு செய்தால், படத்தை ஒவ்வொரு நாளாகத் துண்டு போட்டுக் கொடுப்பது கொஞ்சம் காப்பாற்றும். ஒரு துண்டில் நான்கைந்து வரிகளே இருக்கும்போது, பெயர்களின் எண்ணிக்கையும் தொகைகளின் எண்ணிக்கையும் வேறுபட்டால் கண்ணுக்கு உடனே தெரியும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பக்கத்தின் தலையில் அம்மா போடும் பிள்ளையார் சுழியை மென்பொருள் உ என்றோ 2 என்றோ எடுத்துக்கொள்ளும். பழைய தமிழ் எண்களில் 2 என்பதும் அதே வடிவம்தான் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. 45/- என்று எழுதியிருந்தால் அந்தச் சாய்கோடு 1 ஆகி 451 என்று வரலாம். மேலே உள்ளதே கீழேயும் என்பதற்குப் போடும் இரட்டைக் கோடு 11 ஆகும். அடித்துவிட்ட வரியைக்கூடச் செலவு என்று படித்துவிடும். பக்கத்தின் முதல் வரியில் "மு.ப." என்று முன்பக்க மொத்தத்தை எழுதியிருப்பார் அம்மா. அதுவும் ஒரு செலவாகச் சேர்ந்து மாதக் கணக்கை ஊதிப் பெருக்கிவிடும்.

இதில் `conf` உதவாதா என்று கேட்டால், பாதிதான். சிதைந்த சொற்களுக்கு அது குறைந்த மதிப்பைத் தரும், அவற்றை நாமே கண்ணால் கண்டுபிடித்துவிடுவோம். அம்மாவின் 7, தலையில் ஒரு சின்னக் கொக்கி போட்ட 1 போல இருக்கும். அதை 1 என்று முழு நம்பிக்கையோடு படித்தால், குறி வைக்க வேண்டிய வரிக்குக் குறியே விழாது. தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வதுதான் இந்த வழியின் கோளாறு. நோட்டில் ஒட்டி வைத்திருந்த கடை பில்களுக்கு, அதாவது அச்செழுத்துக்கு, இதே மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

தனியாகத் தட்டச்சு செய்வது சலிப்பான வேலை, ஆனால் மோசமில்லை. பெயரும் தொகையும் ஒரே பார்வையில் வருவதால் வரி மாறிப்போகாது. தப்பு வருவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, 285 என்பதை 258 என்று தட்டிவிடுவது. இதற்கு மருந்து, தொகைப் பத்தியை மட்டும் மறுநாள் பழையதைப் பார்க்காமல் திரும்ப அடித்து இரண்டையும் ஒப்பிடுவது. இன்னொன்று, 415ஆ 475ஆ என்று புரியாத இடத்தில் மனசுக்குப் பட்டதைப் போட்டுவிட்டு நகர்வது. இதற்கு இரண்டாம் முறை அடிப்பதும் உதவாது. முதல் நாள் 415 என்று படித்த அதே கண் மறுநாளும் 415 என்றுதான் படிக்கும்.

அதனால்தான் கடைசியில் ஒருவர் படிக்க ஒருவர் அடிக்கும் வழிக்கு வந்தேன். படித்தது அம்மாவேதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போன் போட்டு, அம்மா நோட்டைப் பார்த்துப் படிக்க, நான் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்தேன். ஒரு வரியை இரண்டு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன, அதில் ஒரு ஜோடி எழுதியவருடையது. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. நடுவே பக்கத்து வீட்டுக் கதைகள் வந்தால் பத்து.

இதிலும் ஒரு குழி உண்டு, அது தமிழுக்கே உரியது. போனில் அம்பதும் எம்பதும் ஒரே மாதிரி கேட்கும். இருவதும் அறுவதும் அப்படித்தான். முதல் நாள் தேங்காய்க்கு எண்பது என்று அடித்து வைத்திருந்தேன். படத்தில் ஐம்பது என்று இருந்தது. காது கேட்டதைக் கை அடித்துவிட்டது, கண் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து இலக்கமாகப் படிக்கச் சொன்னேன்: அஞ்சு சைபர், நாலு ஏழு அஞ்சு. அம்மாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. குரலை நேரே எழுத்தாக்கும் வசதியை வைத்துக்கொண்டு அம்மாவையே பேசவிடலாமே என்று அக்கா கேட்டாள். அங்கேயும் இதே அம்பது எம்பது சிக்கல்தான், கூடவே சரிபார்க்க இன்னொரு கண்ணும் இல்லாமல் போகும். வேண்டாம் என்றேன்.

எந்த வழியில் போனாலும், வரிகள் போய் உட்காரும் தாளின் அமைப்புதான் குறி வைக்கும் வேலையைச் செய்கிறது. என்னுடையது இப்படி:

```
பக்கம்,வரி,தேதி,பொருள்,வகை,குறைவு,கூடுதல்,நிலை
3,3,2025-01-09,பூ,பூசை,30,30,சரி
3,4,2025-01-09,மாத்திரை,மருந்து,415,475,ஐயம்
3,11,2025-01-11,,,,,புரியவில்லை
```

தொகைக்கு ஒரு பத்திக்குப் பதில் இரண்டு. தெளிவான வரியில் இரண்டும் ஒன்றே. ஐயமான வரியில், படிக்க முடிகிற இரண்டு எண்களில் சிறியது ஒரு பத்தியில், பெரியது இன்னொன்றில். சுத்தமாகப் புரியாத வரியில் இரண்டும் காலி. அங்கே சைபர் போடக்கூடாது. சைபர் என்றால் செலவே இல்லை என்று பொருள். புரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. பக்கமும் வரியும் எழுதுவது எதற்கென்றால், பிறகு ஒரு சந்தேகம் வந்தால் நேராக அந்தப் படத்தின் அந்த வரிக்குப் போய்விடலாம்.

நிலை பத்திக்குப் பக்கத்தில், ஏன் புரியவில்லை என்பதையும் ஒரு சொல்லில் குறித்தேன். படம் மங்கல் என்றால் அக்கா திரும்பப் படமெடுக்க வேண்டும். மை கலைந்தது என்றால் எத்தனை படம் எடுத்தும் பயனில்லை, வேறு வழியில் தேட வேண்டும். எழுத்து தெளிவு, பொருள்தான் தெரியவில்லை என்றால் அம்மாவைக் கேட்டால் போதும். "ரா.க. 200" என்று ஒரு வரி நான்கு இடங்களில் வந்தது. எழுத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் விளங்கவில்லை. ராத்திரிக் காவல்காரராம்.

இப்போது அந்த மூன்றாம் பக்கத்தையே முழுதாகப் பார்க்கலாம். ஜனவரி 9, 10, 11 ஆகிய மூன்று நாட்கள், பதின்மூன்று வரிகள். பால் மூன்று நாளும் 56, காய் 140, பூ 30, மளிகை 1,285, ஆட்டோ 60, தேங்காய் 70, மீன் 320, இஸ்திரி 48, கோயில் 20. இந்தப் பதினொரு வரிகளும் தெளிவு, கூட்டினால் 2,141. மாத்திரை வரி 415 அல்லது 475. இன்னொரு வரி முழுவதும் தண்ணீர் பட்டுக் கலைந்திருந்தது, பெயரும் தெரியவில்லை, தொகையும் தெரியவில்லை. மு.ப. தொகையைக் கழித்தபின் இந்தப் பக்கத்துக்கு மட்டும் அம்மா போட்ட மொத்தம் 2,646.

2,646லிருந்து 2,141 போனால் 505. அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து 505. மாத்திரை 415 என்றால் கலைந்த வரி 90. மாத்திரை 475 என்றால் கலைந்த வரி 30. ஆக, இந்த மூன்று நாளில் எவ்வளவு செலவானது என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. மருந்துக்கு எவ்வளவு என்பதில் மட்டும்தான் அறுபது ரூபாய் ஆட்டம். இப்படிப் பிரித்துப் பார்த்தால், எந்த வரியைத் துரத்த வேண்டும், எதை அப்படியே விடலாம் என்பது தெரிந்துவிடுகிறது. மருந்துச் செலவு எங்களுக்கு முக்கியம் என்பதால் இதைத் துரத்தினோம். மருந்துக்கடை பில் அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் இருந்தது, 475. அப்படியானால் கலைந்தது 30. அது பூவாக இருக்கலாம் என்று அம்மா சொன்னார். "இருக்கலாம்" என்றதால் தொகையைப் போட்டேன், வகையில் மட்டும் "தெரியாது" என்றே விட்டேன்.

ஒரு பக்கத்தில் புரியாத வரி ஒன்றே ஒன்றுதான் என்றால் பக்க மொத்தத்தில் மற்றவற்றைக் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதன் நிலையைச் "சரி" என்று மாற்றக்கூடாது. "மொத்தத்திலிருந்து" என்று எழுத வேண்டும். அம்மாவும் மனக்கணக்காகக் கூட்டியவர்தான். அவருடைய கூட்டல் பத்து ரூபாய் பிசகியிருந்தால், அந்தப் பத்து ரூபாய் பிசகும் புரியாத வரியின் தலையில் போய் உட்கார்ந்துவிடும்.

எல்லா வரியும் தெளிவாக இருந்தும் பக்க மொத்தம் உதைத்தால், வித்தியாசத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். ஐந்தாம் பக்கத்தில் 27 ரூபாய் குறைந்தது. 27 ஒன்பதால் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். நான் 285ஐ 258 என்று அடித்தது அப்படித்தான் பிடிபட்டது. 45ஐ 450 என்று ஒரு சைபர் கூடுதலாக அடித்தாலும் வித்தியாசம் 405, அதுவும் ஒன்பதின் மடங்கு. இன்னொரு பக்கத்தில் சரியாக 56 குறைந்தது. ஒரு நாள் பால் வரியைத் தாண்டி வந்திருந்தேன். வித்தியாசம் இந்த இரண்டிலும் சேரவில்லை என்றால் அம்மாவின் கூட்டலைத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.

மாத மொத்தத்துக்கு ஒரே சூத்திரம்தான், குறைவுக்கு ஒன்று, கூடுதலுக்கு ஒன்று. மூன்றாவது, புரியாத வரிகளை எண்ண:

```
=SUMIFS(F:F, E:E, "மருந்து", C:C, ">="&DATE(2025,1,1), C:C, "<"&DATE(2025,2,1))
=SUMIFS(G:G, E:E, "மருந்து", C:C, ">="&DATE(2025,1,1), C:C, "<"&DATE(2025,2,1))
=COUNTIFS(H:H, "புரியவில்லை", C:C, ">="&DATE(2025,1,1), C:C, "<"&DATE(2025,2,1))
```

இங்கே தேதியில் ஒரு வம்பு. நோட்டில் உள்ளபடியே 9-1 என்று அடித்தால், தாளின் மொழி அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் அது செப்டம்பர் 1 ஆகிவிடும். 13-1 என்பதோ தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். இரண்டுமே ஜனவரி கணக்கில் வராது, பிழைச் செய்தியும் வராது. தேதிப் பத்தியில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டியிருந்தால் இதுதான் காரணம். ஆண்டு முதலில் வருமாறு 2025-01-09 என்று அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

வகை போடும் வேலையைத் தட்டச்சோடு சேர்த்துச் செய்யாதீர்கள். எல்லா வரியும் ஏறியபின், பொருள் பத்தியை அகர வரிசையில் அடுக்கிவிட்டு ஒரே மூச்சில் போட்டால் சீராக இருக்கும். அப்போதுதான் காய், காய்கறி, கறிகாய் மூன்றும் ஒன்று என்பதும், கறி மட்டும் வேறு என்பதும் கண்ணில் படும். "மருந்து" என்று இருந்த இரண்டு வரிகள் எறும்பு மருந்து. கொஞ்சம் விட்டிருந்தால் அப்பாவின் மருந்துச் செலவில் சேர்ந்திருக்கும்.

சில வரிகள் செலவே இல்லை. சித்தப்பாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்த 2,000 திரும்பி வரும் பணம். நகைச்சீட்டு சேமிப்பு. மளிகையில் சில வரிகளுக்குப் பக்கத்தில் அம்மா வட்டம் போட்டு "ப" என்று எழுதியிருப்பார், பற்றில் வாங்கியது. மாதக் கடைசியில் "கடை பாக்கி" என்று மொத்தமாக ஒரு வரியும் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் அதே அரிசிக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக ஆகும். நான் வாங்கிய வரிகளை வைத்துக்கொண்டு பாக்கி வரியைக் கணக்கிலிருந்து விலக்கினேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது. அதை இரண்டாகப் பிரித்துப் போடாவிட்டால் ஒரு மாதம் செலவு கூடியது போலவும் அடுத்த மாதம் குறைந்தது போலவும் தெரியும்.

ஜனவரியின் முடிவு இப்படி வந்தது. 190 வரிகளில் 183 தெளிவு, அவற்றின் கூட்டுத்தொகை 20,780. நான்கு வரிகளின் தொகை பக்க மொத்தத்தின் துணையால் கிடைத்தது, அவை 710. ஆக 21,490. கடைசிப் பக்கத்தில் அம்மா மொத்தம் போடவில்லை. அங்கே இரண்டு வரிகள் ஐயம், ஒன்று 130 அல்லது 180, மற்றது 200 அல்லது 260. அவற்றைச் சேர்த்தால் மாதச் செலவு குறைந்தது 21,820, கூடினால் 21,930. அதோடு, தொகையே தெரியாத ஒரு வரி. பணம் அனுப்பும் முடிவுக்கு இது தாராளமாகப் போதும். 110 ரூபாய் வித்தியாசத்துக்காக அம்மாவை மறுபடி போனில் உட்கார வைக்க வேண்டியதில்லை. பால் மட்டும் 31 நாளுக்கு 30 வரிதான் இருந்தது. அது புரியாத வரி இல்லை, இல்லாத வரி. அன்று பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டில் இருந்தார்களாம்.

என் நிலையில் யாராவது இருந்தால், எழுதியவர் போனில் கிடைக்கிறார் என்றால் யோசிக்காமல் அவரைப் படிக்கச் சொல்லுங்கள், இலக்கமாக. எழுதியவர் இல்லை, அல்லது பழைய நோட்டு என்றால் தனியாகத் தட்டச்சு செய்து, தொகையை மட்டும் இரண்டாம் முறை அடியுங்கள். எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, பக்கங்கள் நூற்றுக்கணக்கில் என்றால் ஓ.சி.ஆர். முயன்று பார்க்கலாம், நாள் நாளாகத் துண்டு போட்டு. அப்போதும் பக்க மொத்தத்தை மட்டும் நம்பாமல், பக்கத்துக்கு மூன்று வரிகளையாவது படத்தோடு வைத்துப் பெயருக்கு எதிரே அதன் தொகைதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற ஐந்து மாதங்களையும் அம்மா படிக்க நான் அடித்தேன், ஒன்பது இரவுகள் ஆயின. ஜனவரியின் அந்த ஒரு வரி மட்டும் நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கி அம்மாவுக்குக் காட்டச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது என் கையெழுத்தே இல்ல, உங்கப்பா எழுதினது" என்றார். அப்பாவிடம் கொடுத்தார்கள். அவரும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஏதோ வாங்கினேன்" என்றார். அது இன்னும் தாளில் "புரியவில்லை" என்றுதான் இருக்கிறது.